கொலோனோஸ்கோபி கிறுக்கலை ரிப்போர்ட் ஆக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராம்நாட்டில் எண்டோஸ்கோபி செய்யும் டாக்டர் நான். டைப் செய்யும் பிள்ளைகள், டெக்னீஷியன்கள், பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள், அப்புறம் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு விழிக்கும் வீட்டுக்காரர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவை இவை. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கேஸை வைத்துப் பதில் சொல்கிறேன், அப்போதுதான் நூல் அறாது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகில் போகிறவர், வயது 54. மலத்தோடு ரத்தம் போகிறது என்று ஆகஸ்டில் கொலோனோஸ்கோபிக்கு வந்தார். ஸ்கோப்பைக் கையில் பிடித்தபடி நான் சொல்லச் சொல்ல சிஸ்டர் எழுதிய துண்டுச் சீட்டு இது:

"ப்ரெப் சுமார். சீகம் போயாச்சு. அசெண்டிங் சின்ன பாலிப் 5 எடுத்தாச்சு. சிக்மாய்டு தண்டோட ஒண்ணு, 1 செ.மீ. சுமார், கரண்ட் வச்சு எடுத்தாச்சு. ரெக்டம் பொடிப்பொடியா 3-4 எடுத்தாச்சு. பைல்ஸ் இருக்கு. பாட்டில் 3. 1 வருஷம் கழிச்சு வரச் சொல்லு."

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: ப்ரெப் என்றால் பேதி மருந்தால் குடலைச் சுத்தம் செய்வது, பாலிப் என்றால் குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை. சீகம் பெருங்குடலின் தொடக்கம், அசெண்டிங் அங்கிருந்து வலது பக்கம் மேலே ஏறும் பகுதி, சிக்மாய்டு இடது பக்கக் கீழ் வளைவு, ரெக்டம் ஆசனவாய்க்கு முந்தின கடைசிப் பகுதி.

"டாக்டர் சொன்னதை அப்படியே டைப் பண்ணிட்டா போதாதா சார்?"

போதாது. அந்தச் சீட்டு அந்த அறையில் அந்த அரை மணி நேரம் நின்றிருந்தவர்களுக்கு மட்டும் புரியும், அவர்களுக்கும் மறுநாள் புரியாது. ரிப்போர்ட்டை அப்புறம் படிக்கப் போகிறவர்கள் வேறு ஆட்கள். மதுரை லேபில் திசுவைப் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் ஒருவர், மூன்று வருடமோ ஏழு வருடமோ கழித்து வேறு ஊரில் ஸ்கோப் போடப்போகும் டாக்டர் இன்னொருவர். இவர்கள் இருவருக்கும் ஒவ்வொரு கண்டுபிடிப்பைப் பற்றியும் நான்கு விஷயங்கள் வேண்டும்: எந்த இடம், எப்படி இருந்தது, அதிலிருந்து என்ன எடுத்து எந்தப் பாட்டிலில் போட்டோம், அடுத்து எப்போது பார்க்க வேண்டும். ஆகவே ஒரு பாலிப்புக்கு ஒரு வரி. இரண்டு பாலிப்பை ஒரு வாக்கியத்தில் கோர்க்காதீர்கள், எல்லாக் குழப்பமும் அந்த 'மற்றும்' என்ற சொல்லில்தான் ஆரம்பிக்கிறது.

"'பாலிப் 5'னு இருந்தா 5 பாலிப்பா, 5 மில்லிமீட்டரா?"

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம். கேட்காமல் 'ஐந்து பாலிப்கள்' என்று அடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். அடினோமா என்பது விட்டுவிட்டால் பல வருடத்தில் புற்றாக மாறக்கூடிய பாலிப் வகை, அதில் பரவலாகக் காணப்படுவது ட்யூபுலர். அமெரிக்காவின் மூன்று குடல்நோய்ச் சங்கங்கள் சேர்ந்து அமைத்த குழு 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 10 மி.மீ.-க்குக் குறைந்த ட்யூபுலர் அடினோமா ஒன்றோ இரண்டோ இருந்தால் அடுத்த கொலோனோஸ்கோபி 7 முதல் 10 வருடம் கழித்து. மூன்று நான்கு என்றால் 3 முதல் 5 வருடம். ஐந்து முதல் பத்து வரை என்றால் 3 வருடம். ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கமும் அதே 2020-ல் ஒரு கோடு போட்டது. நான்கு வரை, எல்லாமே 10 மி.மீ.-க்குள், திசு அணுக்களில் தீவிரமில்லாத மாற்றம் மட்டும் என்றால் தனிக் கண்காணிப்பே வேண்டாம். ஐந்து ஆனால் 3 வருடத்தில் பார். இரண்டு பரிந்துரைகளும் மற்ற சில இடங்களில் ஒத்துப்போகாவிட்டாலும் ஐந்து என்ற எண்ணிக்கை வந்ததும் இரண்டுமே 3 வருடத்தில்தான் வந்து நிற்கின்றன. நம் சீட்டிலும் அதே 5.

அசெண்டிங்கில் 5 மி.மீ. அளவில் ஒன்று, சிக்மாய்டில் ஒன்று என்றால் மொத்தம் இரண்டு. அசெண்டிங்கில் ஐந்து இருந்ததென்றால் மொத்தம் ஆறு.

இதை எப்படித் தீர்த்தோம்? என் ஞாபகத்தை நம்பி இல்லை. அன்று எட்டுக் கேஸ், எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. முதலில் சேமித்த படங்கள். அசெண்டிங்கில் எடுத்த படங்களில் ஒரே பாலிப்தான், வெட்டிய பிறகு எடுத்த படத்தில் ஒரே வெட்டு இடம். அடுத்து பாட்டில். அதில் ஒரே துண்டு. கடைசியாக சிஸ்டரிடம் கேட்டேன், ஸ்னேரை, அதாவது பாலிப்பைச் சுருக்கிட்டு வெட்டும் கம்பி வளையத்தை, எத்தனை தடவை இழுத்து மூடினீர்கள் என்று. ஒரு தடவை. மூன்றும் ஒத்துப்போயின, '1 பாலிப், 5 மி.மீ.' என்று எழுதினோம். மூன்றில் ஒன்று இடித்திருந்தாலும் டைப் செய்கிறவர் தாமாக முடிவெடுக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர் எரிந்து விழுந்தால் விழட்டும்.

இப்போது எங்கள் அறையில் எண்ணைத் தனியாகச் சொல்வதே இல்லை. 'ஒன்று, அளவு ஐந்து மில்லி' என்று வாய்விட்டு முழுசாகச் சொல்கிறோம்.

"'எடுத்தாச்சு'ன்னா எடுத்தாச்சுதானே, இதுல என்ன குழப்பம்?"

நம் தமிழில்தான் குழப்பம். பாலிப்பை முழுசாக வெட்டினாலும் எடுத்தாச்சு, ஓரத்தில் கிள்ளி பயாப்ஸிக்குத் துண்டு போட்டாலும் எடுத்தாச்சு, போட்டோ பிடித்தாலும் எடுத்தாச்சு. இது போதாதென்று, வெட்டின பாலிப் கழுவும் தண்ணீரோடு ஓடிப்போய் கைக்கு வராமலே போனாலும் எடுத்தாச்சு என்றுதான் சொல்கிறோம்.

நம் சீட்டில் 'எடுத்தாச்சு' மூன்று இடத்தில் வருகிறது. அசெண்டிங்கில் கரண்ட் இல்லாத ஸ்னேரால் ஒரே துண்டாக வெட்டி, உறிஞ்சிப் பொறியில் பிடித்தோம். சிக்மாய்டில் கரண்ட் ஸ்னேரால் தண்டோடு வெட்டி, வெளியே கொண்டுவந்தோம். ரெக்டத்திலோ வெட்டவே இல்லை. நான்கு பொடி பாலிப் தெரிந்தது, அதில் இரண்டில் மட்டும் ஃபோர்செப்ஸால் கிள்ளினோம். ஆக மீதி இரண்டு இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. 'ரெக்டல் பாலிப்கள் அகற்றப்பட்டன' என்று அச்சாகியிருந்தால், அடுத்த தடவை பார்க்கிற டாக்டர் அதே இரண்டையும் புதிதாக முளைத்தவை என்று எண்ணியிருப்பார்.

ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். முழுசாக வெட்டியதா, துண்டு மட்டுமா? ஒரே துண்டாக வந்ததா, பல துண்டாகவா? வெட்டியது கைக்கு வந்ததா? இரண்டாவது கேள்வி பெரிய பாலிப்புக்கு ரொம்ப முக்கியம். 20 மி.மீ.-க்கு மேலானதைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்கக் கூடாது, ஆறு மாதத்துக்குள் அதே இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். கைக்கு வராவிட்டால் 'வெட்டப்பட்டது, கிடைக்கவில்லை' என்று எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"இடத்தை ஸ்கோப்புல தெரியற சென்டிமீட்டரைப் பார்த்து எழுதலாமா?"

ரெக்டத்தில் எழுதலாம், ஆசனவாய் விளிம்பிலிருந்து 8 செ.மீ. என்றால் எல்லோருக்கும் அதே இடம்தான். மேலே போகப் போக அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஸ்கோப் உள்ளே போகும்போது குடல் வளைந்து சுருண்டு வலையைக் கையில் குமித்த மாதிரி ஆகிவிடும், 90 செ.மீ. உள்ளே போயும் சிக்மாய்டைத் தாண்டாத ஆட்கள் உண்டு. அதே ஆளுக்கு ஸ்கோப்பை நேராக்கினால் 70, 80 செ.மீ.-லேயே சீகம் வந்துவிடும். எனவே பகுதியின் பெயரை எழுதுங்கள், பக்கத்து அடையாளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'அசெண்டிங் கோலன், வால்வுக்கு ஒரு மடிப்புக்கு அப்பால்' என்றால் இன்னொருவர் தேடிப் போக முடியும்.

சீகம் போயாச்சு என்பதற்கும் இதே கதைதான். சொன்னால் போதாது, அப்பெண்டிக்ஸ் வாயும் இலியோசீகல் வால்வும் தெரிகிற படம் இருக்க வேண்டும்.

"'1 செ.மீ. சுமார்'னு இருந்தா 10 மி.மீ.னு போட்டுடலாமா?"

போடாதீர்கள். 10 மி.மீ. ஒரு எல்லைக்கல். ஒரே ஒரு அடினோமா 10 மி.மீ. ஆனாலும் இடைவெளி 3 வருடத்துக்கு இறங்கிவிடும். கண்ணால் மதிப்பிடுகிறவர்களுக்கு முழு எண்ணில் போய் உட்காரும் பழக்கம் உண்டு, சந்தையில் மீனைத் தூக்கிப் பார்த்தே 'ஒரு கிலோ இருக்கும்' என்கிற மாதிரி. எனக்கும் உண்டு.

அளவு தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பதுதான் வழி. இந்தக் கேஸில் சிக்மாய்டு பாலிப்பின் தலைக்குப் பக்கத்தில் 10 மி.மீ. ஸ்னேர் விரிந்து நிற்கிற படம் இருந்தது, தலை அதற்குள் இடம் விட்டு அடங்கியது. 8 மி.மீ. என்று எழுதினோம், ஸ்னேரோடு ஒப்பிட்டது என்பதையும் சேர்த்து. தண்டுள்ள பாலிப்பில் தண்டின் நீளத்தைச் சேர்க்கக் கூடாது, தலையை மட்டும் அளக்க வேண்டும். லேபில் அளந்து வரும் எண் சில சமயம் சிறியதாக இருக்கும், ஃபார்மலினில் திசு சுருங்கும். அதைப் பார்த்து நம் ரிப்போர்ட்டைத் திருத்த வேண்டாம்.

வடிவத்துக்குப் பாரிஸ் வகைப்பாட்டின் குறி போதும். தண்டுள்ளது `0-Ip`, தண்டில்லாமல் குந்தியிருப்பது `0-Is`, லேசாக மேடு தட்டியது `0-IIa`. 'அழகான சின்னப் பாலிப்' என்று நான் சொல்வதையெல்லாம் டைப் பண்ண வேண்டாம்.

"பாட்டில்ல 1, 2, 3னு எண் போட்டா போதாதா?"

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படித்தான் போட்டோம். அங்கே ஒரு அம்மாவின் கேஸில் சிஸ்டருக்கு 1 என்பது முதலில் வெட்டியது. ஸ்கோப் உள்ளே போகும் வழியிலேயே வெட்டிய சிக்மாய்டு பாலிப் அது. ரிப்போர்ட் டைப் செய்தவருக்கோ 1 என்பது சீகத்திலிருந்து கீழே வருகிற வரிசையில் முதலாவது. லேபிலிருந்து '2-ஆம் பாட்டிலில் தீவிர மாற்றம்' என்று தாள் வந்தபோது அது குடலின் எந்தப் பக்கம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டு இடத்தையும் மறுபடி போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. மறுபடி அந்தப் பேதி மருந்து, மறுபடி செலவு.

எழுத்தும் இடமும் சேர்த்து ஒட்டுங்கள்: 'ஏ, அசெண்டிங்', 'பி, சிக்மாய்டு', 'சி, ரெக்டம்'. நோயாளியின் பெயரும் எண்ணும் மூடியில் வேண்டாம், பாட்டிலின் உடம்பில் ஒட்டுங்கள், மூடி மாறிப்போகும். ஃபார்மலின் திசுவின் பருமனைப்போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். பொடித் துண்டுக்கு இது பிரச்சினையே இல்லை. கடைசி பஸ்ஸில் மதுரைக்கு அனுப்புகிற அவசரத்தில் பெரிய பாலிப்பைச் சின்னப் பாட்டிலில் திணித்தால்தான் நடுப்பகுதி கெட்டுப்போய், ஒன்றும் சொல்ல முடியவில்லை என்று பதில் வரும்.

அனுப்புகிற சீட்டில் பாட்டில் வாரியாக எத்தனை துண்டு என்று எழுதுங்கள். ஏ-வில் 1, பி-யில் 1, சி-யில் 2. லேபில் எண்ணிக்கை இடித்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.

"ப்ரெப் சுமார்னா ரிப்போர்ட்டுல என்ன வார்த்தை போடணும்?"

வார்த்தை போடக் கூடாது, எண் போட வேண்டும். பாஸ்டன் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. குடலை வலது, குறுக்கு, இடது என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மலம் அடைத்துச் சவ்வே தெரியாவிட்டால் 0. கொஞ்சம் தெரிந்து கொஞ்சம் மறைந்திருந்தால் 1. லேசான மிச்சம் இருந்தாலும் சவ்வு நன்றாகத் தெரிந்தால் 2. சுத்தமாக இருந்தால் 3. கழுவி உறிஞ்சி முடித்து ஸ்கோப்பை வெளியே இழுத்து வரும்போது இருக்கிற நிலைக்குத்தான் மதிப்பெண், உள்ளே போகும்போது பார்த்த குப்பைக்கு இல்லை. மூன்று பகுதியும் தனித்தனியாக 2-ஆவது வாங்க வேண்டும். மொத்தம் 6 வந்தாலும் 1, 2, 3 என்று வந்திருந்தால் அது பாஸ் இல்லை.

நம் ஆளுக்கு வலது 1, குறுக்கு 2, இடது 2. எவ்வளவு கழுவியும் வலது பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது போகவில்லை.

ஏன் அப்படி என்று கேட்டால் அது அவர் குற்றம் இல்லை, நாங்கள் கொடுத்த நேரத்தின் குற்றம். காலை 8 மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். பேதி மருந்தில் பாதியை முந்தின நாள் சாயங்காலமும் மீதியை ஸ்கோப்புக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்க வேண்டும், 2 மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடவும் வேண்டும். 8 மணிக்கு ஸ்கோப் என்றால் விடியுமுன் எழுந்து குடித்துவிட்டு, ராமேஸ்வரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வர வேண்டும். யார் வருவார்? இரண்டாம் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு வந்தார். அந்த இரண்டாம் பாதிதான் வலது பக்கத்தைச் சுத்தம் செய்வது. இப்போது தீவுப் பக்கத்து ஆட்களுக்கு மதியம் 2 மணிதான் கொடுக்கிறோம். காலை 8-க்குக் குடிக்க ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடித்து, வயிறு அடங்கிய பிறகு பஸ் ஏறலாம்.

"1 வருஷம்னு டாக்டரே சொல்லிட்டார், அதுக்குக் காரணம் எதுக்கு?"

காரணம் இல்லாத இடைவெளியை அடுத்தவர் தம் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொள்வார். இந்தக் கேஸில் ஒரு வருடம் என்பது சரிதான். பாலிப்புக்காகச் சொன்னதில்லை அது, வலது பக்கம் சரியாகத் தெரியாததால் சொன்னது. சுத்தம் போதாவிட்டால் ஒரு வருடத்துக்குள் திரும்பப் பார்ப்பது வழக்கம். காரணத்தை விட்டுவிட்டால் என்ன நடக்கும்? அடுத்த டாக்டர் 'பாலிப் இருந்ததாம், வருடா வருடம் பார்க்கச் சொன்னார்களாம்' என்று எடுத்துக்கொள்வார். இந்த ஆள் வருடா வருடம் தேவையில்லாமல் பேதி குடிப்பார். இல்லையென்றால், இரண்டு சின்ன அடினோமாவுக்கு எதற்கு ஒரு வருடம், ஏழு வருடம் போதுமே என்று நினைத்து அனுப்பிவிடுவார். அப்போது பார்க்காமல் விட்ட வலது பக்கம் பார்க்கப்படாமலே கிடக்கும். இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

'இடைவெளி' என்ற வரிக்குப் பக்கத்திலேயே 'ஏனென்றால்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். ரிப்போர்ட் சாஃப்ட்வேரில் அந்தக் கட்டம் இல்லையென்றால் குறிப்புக் கட்டத்தில் அடியுங்கள்.

"பயாப்ஸி வர்றதுக்கு முன்னாடியே இடைவெளி எழுதலாமா?"

தற்காலிகம் என்று எழுதலாம், இறுதி என்று எழுதக் கூடாது. பாலிப்பைப் பார்த்து அடினோமா என்று நான் ஊகிக்கலாம், இடைவெளியை முடிவு செய்வது லேப் தாள். அதில் விரல் விரலாக நீளும் வில்லஸ் அமைப்போ தீவிர மாற்றமோ இருந்தால், 8 மி.மீ. பாலிப் ஆனாலும் அமெரிக்கப் பரிந்துரைப்படி 3 வருடம். புற்று அணு என்று வந்துவிட்டால் இந்த வருடக் கணக்கெல்லாம் பொருந்தாது, அது வேறு பாதை.

தாள் வந்ததும் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து அழித்து எழுதாதீர்கள். கீழே தேதி போட்டுப் பிற்சேர்க்கையாக எழுதுங்கள். நம் ஆளுக்கு வந்தது இது: ஏ, ட்யூபுலர் அடினோமா, தீவிரமில்லாத மாற்றம். பி, அதுவே. சி, இரண்டு துண்டும் ஹைப்பர்பிளாஸ்டிக். ரெக்டத்தில் இருக்கும் பொடி ஹைப்பர்பிளாஸ்டிக்கை அடினோமாக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் உள்ளே விட்ட மீதி இரண்டைப் பற்றியும் பெரிய கவலை இல்லை.

"சரி சார், கடைசியா ரிப்போர்ட் எப்படித்தான் இருந்துச்சு?"

எங்களிடம் ஆங்கிலத்தில்தான் அச்சாகும். இங்கே தமிழில் தருகிறேன்.

காரணம்: மலத்தோடு ரத்தம்.
எட்டிய இடம்: சீகம். அப்பெண்டிக்ஸ் வாய், வால்வு இரண்டுக்கும் படம் உண்டு.
சுத்தம்: பாஸ்டன், வலது 1, குறுக்கு 2, இடது 2. வலது பக்கம் போதாது.
வெளியே இழுத்த நேரம்: 9 நிமிடம், பாலிப் வெட்டிய நேரம் நீங்கலாக.

அசெண்டிங் கோலன், வால்வுக்கு ஒரு மடிப்புக்கு அப்பால்: 1 பாலிப், 5 மி.மீ., `0-Is`. கரண்ட் இல்லா ஸ்னேர், ஒரே துண்டு, முழுசாக வெட்டப்பட்டது, கிடைத்தது. பாட்டில் ஏ.
சிக்மாய்டு: 1 பாலிப், தலை 8 மி.மீ. (10 மி.மீ. ஸ்னேரோடு ஒப்பிட்டது), `0-Ip`. கரண்ட் ஸ்னேர், ஒரே துண்டு, முழுசாக வெட்டப்பட்டது, கிடைத்தது. கிளிப் போடவில்லை. பாட்டில் பி.
ரெக்டம், விளிம்பிலிருந்து 8 செ.மீ. வரை: 4 பாலிப், ஒவ்வொன்றும் 2 மி.மீ., `0-IIa`. இரண்டில் பயாப்ஸி, இரண்டு உள்ளே விடப்பட்டன. பாட்டில் சி, 2 துண்டு.
உள்மூலம்: உண்டு, பரிசோதனையின்போது ரத்தக் கசிவு இல்லை.

அடுத்த கொலோனோஸ்கோபி: ஒரு வருடத்துக்குள். ஏனென்றால் வலது பக்கச் சுத்தம் போதவில்லை. பயாப்ஸி பார்த்து உறுதி செய்யப்படும்.

பிற்சேர்க்கை: 10 மி.மீ.-க்குக் குறைந்த ட்யூபுலர் அடினோமா 2. ஒரு வருட இடைவெளி மாறவில்லை, காரணம் சுத்தம் மட்டுமே. அடுத்த தடவை மூன்று பகுதியும் 2-ஆவது வந்து புதிதாக ஒன்றும் இல்லையென்றால் அதற்கப்புறம் நீண்ட இடைவெளி.

சீட்டில் நாலு வரியாக இருந்தது இவ்வளவு நீண்டுவிட்டதே என்றால், ஆமாம். ஆனால் இதில் எந்த வரியையும் யாரும் இரண்டு விதமாகப் படிக்க முடியாது.

"ஒரு வருஷம்னா ஆகஸ்ட்லதானே வரணும்? சீசன்ல படகை விட்டுட்டு எப்படி வர்றது?"

இதை அவரே கேட்டார், நியாயமான கேள்வி. ஒரு வருடத்துக்குள் என்றால் ஆகஸ்டுக்கு முன்னால் எப்போது வந்தாலும் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆள் கரையில் சும்மாதான் இருப்பார். 'மே மாதம், மதியம் 2 மணி' என்று தமிழில் எழுதி ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தோம். 'ஒரு வருடத்துக்குள்' என்று எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப்பேர் மறந்துவிடுகிறார்கள், மாதத்தின் பெயரை எழுதினால் வருகிறார்கள். இது என் அனுபவம், கணக்கெடுத்துச் சொல்லவில்லை.

அதே தாளில் இன்னொன்றும் எழுதினோம். கரண்ட் வைத்து வெட்டிய இடத்தில் இரண்டு வாரம் வரைகூட ரத்தம் கசியலாம். அதுவரை கடலுக்குப் போக வேண்டாம். ராத்திரி நடுக்கடலில் ஆரம்பித்தால் கரைக்கு வருவதற்குள் விடிந்துவிடும்.

இந்த இடைவெளியெல்லாம் தொந்தரவில்லாத ஆளுக்குத்தான். ரத்தம் நிற்கவில்லை, எடை குறைகிறது என்றால் மே மாதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. இந்த வரியும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

"எங்க வாப்பா ரிப்போர்ட்ல அடினோமானு போட்டிருக்கு, கேன்சரா டாக்டர்? துபாய்ல இருக்கிற அண்ணனுக்கு அனுப்பணும்."

கீழக்கரையிலிருந்து வந்த கேள்வி, வேறு ஆளுடையது. தீவிரமில்லாத மாற்றம் உள்ள அடினோமா கேன்சர் இல்லை. விட்டிருந்தால் பல வருடத்தில் அப்படி மாறியிருக்கக்கூடியது, அதனால்தான் வெட்டி எடுத்தார்கள். அண்ணனுக்கு அனுப்பும்போது எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டையும் லேப் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். ஒன்றில் இடமும் அளவும் இருக்கும், மற்றதில் வகை இருக்கும், இரண்டும் இல்லாமல் அங்கே இருக்கும் டாக்டரால் இடைவெளி சொல்ல முடியாது.

"வயித்துல அல்சர் பார்த்தா இதே மாதிரிதான் எழுதணுமா?"

அதே நான்கு விஷயம்தான், கணக்கு வேறு. இரைப்பை அல்சர் என்றால் எந்தப் பகுதி, எந்த வளைவு, அளவு, அடிப்பகுதி சுத்தமா ரத்தம் தெரிகிறதா, விளிம்பிலிருந்து எத்தனை துண்டு. ஒன்றிரண்டு துண்டு போதாது, ஆறுக்குக் குறையாமல் எடுப்பது நல்லது. 8 முதல் 12 வாரத்தில் மறுபடி பார்த்து ஆறிவிட்டதா என்று உறுதி செய்வது வழக்கம், ஆறாத அல்சருக்குள் புற்று ஒளிந்திருக்கலாம். டியோடினம் அல்சருக்குப் பொதுவாக இப்படித் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. டைப் செய்யும்போது இரைப்பையும் டியோடினமும் மாறிப்போனால் ஒருவர் தேவையில்லாமல் வருவார், வர வேண்டியவர் வர மாட்டார்.

"பழைய ரிப்போர்ட்ல 'பாலிப் எடுக்கப்பட்டது'னு ஒரே வரிதான் இருக்கு. என்ன பண்றது?"

வாரம் ஒன்றாவது வருகிறது. முதலில் லேப் தாளைத் தேடச் சொல்லுங்கள், வீட்டில் பீரோவில் எக்ஸ்ரே கவருக்குள் கிடக்கும். அதில் பாட்டில் எண்ணிக்கை, துண்டு எண்ணிக்கை, வகை மூன்றும் இருக்கும், பாதி விஷயம் அங்கேயே தெளிந்துவிடும். அடுத்து ஸ்கோப் போட்ட இடத்தில் படங்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் அளவையோ எண்ணிக்கையையோ நாமாக இட்டு நிரப்பக் கூடாது. 'முந்தைய பாலிப்பின் அளவு, எண்ணிக்கை, வகை தெரியவில்லை' என்று எழுதிவிட்டு டாக்டரிடம் கொடுங்கள். எத்தனை வருடம் ஆயிற்று, இப்போது தொந்தரவு உண்டா, வீட்டில் யாருக்காவது குடல் புற்று இருந்ததா என்று கேட்டு அவர் முடிவு செய்வார். பெரும்பாலும் ஒரு தடவை நல்ல சுத்தத்தோடு மறுபடி பார்த்துவிட்டு, அங்கிருந்து கணக்கைப் புதிதாக ஆரம்பிக்கிறோம்.